நைட்ரோ காபி கிட் வாங்கும் புதுச்சேரிக்காரர்களே, குப்பியை எடை போட்டுப் பாருங்கள்

நைட்ரஜன் வாயு ஏற்றி நுரைக்கவைத்த குளிர்ந்த காபிதான் நைட்ரோ காபி. புதுச்சேரியில் ஒரு கடையில் 'வீட்டிலேயே நைட்ரோ கோல்ட் காபி' என்று விற்கும் கிட்டை 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு லிட்டர் எஃகுக் குடுவை, ஒரு குழாய், பத்து கேஸ் குப்பிகள். பெட்டியின் மேல் பெரிதாக 'நைட்ரஜன்' என்று போட்டிருந்தது. உள்ளே சீல் வைத்த அட்டையில் இருந்த குப்பிகளிலோ பொடி எழுத்தில் N2O, 8 கிராம். அது நைட்ரஜன் அல்ல, நைட்ரஸ் ஆக்சைடு. கேக் கடைகளில் விப்பிங் கிரீம் அடிக்கப் பயன்படும் வாயு.

கடையில் கேட்டேன். "சார், அதுலயும் நைட்ரஜன் இருக்குல்ல, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். இது பச்சைப் பொய். குடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

நைட்ரஜன் தண்ணீரில் மிகக் குறைவாகத்தான் கரையும். அழுத்தம் கொடுத்துக் குளிர்ந்த காபிக்குள் திணித்து, ஊசித்துளைகள் கொண்ட தட்டு வழியாக வெளியே விட்டால், கரைந்திருந்த கொஞ்ச வாயுவும் மிக நுண்ணிய குமிழிகளாகப் பிரியும். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதனால் குமிழிக்குள் இருக்கும் நைட்ரஜனுக்கு வெளியேற அவசரமில்லை. சின்னக் குமிழியிலிருந்து பக்கத்துப் பெரிய குமிழிக்குக் காபி வழியாகக் கசிந்து போவதும் மெதுவாகவே நடக்கும். குமிழிகள் நெடுநேரம் சிறிதாகவே இருக்க, நாக்கு அந்த நுண்நுரையைப் பாலாடை போல உணர்கிறது. ஒரு சொட்டுப் பால் கூடத் தேவையில்லை. சோடாவில் உள்ள CO2 மாதிரி அமிலமும் உண்டாகாது, அதனால் புளிப்பும் சுருக்கும் இல்லை.

நைட்ரஸ் ஆக்சைடு இதற்கு நேர்மாறு. நைட்ரஜனைவிடப் பல பத்து மடங்கு அதிகமாகக் கரையும். டம்ளரில் ஊற்றியதும் வேகமாக வெளியேறி, குமிழிகள் பெருத்து, நுரை சீக்கிரமே உடைந்துவிடும். வாயுவுக்கே ஒரு மெல்லிய இனிப்பு இருப்பதால் காபியின் சுவையும் மாறும். எனக்குக் கிடைத்தது அதுதான்: மேலே பெரிய பெரிய குமிழிகள், கீழே வெறும் தண்ணீர்க் காபி. டம்ளருக்குள் அலை அலையாகக் கீழிறங்கும் அந்தப் பழுப்பு நுரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குப்பியில் எதுவும் அச்சாகியிருக்காவிட்டாலும் சமையலறைத் தராசு காட்டிக்கொடுக்கும். புதுக் குப்பியை எடை போடுங்கள், வாயு முழுவதும் குடுவைக்குள் இறங்கியபின் மறுபடி போடுங்கள். வித்தியாசம் 2 கிராம் அளவில் இருந்தால் நைட்ரஜன். 8 கிராம் வந்தால் நிச்சயம் வேறு ஏதோ. சாதாரண அறை வெப்பத்தில் நைட்ரஸ் ஆக்சைடும் CO2-வும் அழுத்தத்தில் திரவமாகிவிடும், அதனால் சின்னக் குப்பிக்குள் 8 கிராம் அடங்கும். நைட்ரஜனைத் திரவமாக்கக் கடுங்குளிர் வேண்டும், அறையில் அது எப்போதும் வாயுதான். காபி புளித்துச் சுருக்கென்றால் CO2, இனித்தால் நைட்ரஸ் ஆக்சைடு.

சரி, வீட்டில் இது நடக்கவே நடக்காதா? நடக்கும். உணவுத் தர நைட்ரஜன் என்று தெளிவாகப் போட்ட 2 கிராம் குப்பிகளைத் தனியாக வரவழைத்துச் செய்து பார்த்தேன். கரகரப்பாக அரைத்த 100 கிராம் காபித்தூளை 800 மில்லி குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்து, துணியில் வடிகட்டி, அப்புறம் தாள் வடிகட்டியிலும் விட வேண்டும். வண்டல் இருந்தால் ஊசித்துளை அடைத்துக்கொள்ளும். குடுவையில் அரை லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். மீதி அரை லிட்டர் இடத்தில் 2 கிராம் நைட்ரஜன் ஏறத்தாழ 45 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும், காபிக் கடைகளில் கெக் என்னும் எஃகுப் பீப்பாயில் வைப்பதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். விளிம்புவரை நிரப்பினால் அழுத்தம் அபாயகரமாக ஏறும். ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்ததும் ஊற்றுங்கள். முதல் டம்ளர் கடைக் காபிக்கு அருகில் வரும். அழுத்தம் குறையக் குறையக் கடைசி டம்ளர் தட்டையாகத்தான் இருக்கும். கிரீம் அடிக்கும் சாதாரணக் குழாயில் ஊசித்துளைத் தட்டு இருக்காது, அதில் நல்ல நைட்ரஜன் போட்டாலும் பாதிப் பயன்தான்.

அதே கடையில் இன்னொன்றும் சொன்னார்கள்: "கடலூர் ரோட்டுல டயருக்கு அடிக்கிற நைட்ரஜனையே பிடிச்சுக்கலாம் சார்." தயவுசெய்து செய்யாதீர்கள். டயருக்கான வாயு உணவுத் தரம் அல்ல, கம்ப்ரஸர் எண்ணெயும் கலந்து வரலாம். திரவ நைட்ரஜனைக் காபியில் ஊற்றிப் புகை காட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். பெட்டி, குப்பி, தராசுப் படங்கள், பில் எல்லாவற்றையும் வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இதே கிட்டை வாங்கியவர்கள் குப்பியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், புகாருக்கு அதுதான் சாட்சி.