பூ மார்க்கெட் சிட்டையும் இரண்டு வெர்ஷன் ஃபீல்டுகளும்: ஆறு வருட ஜிரா அனுபவம்

எங்கள் அலுவலகம் மதுரை கே.கே. நகரில் இருக்கிறது. பூக்கடை கமிஷன் வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், நிலக்கோட்டை, திண்டுக்கல் என்று மூன்று ஊர்க் கடைகளில் அது ஓடுகிறது. விவசாயி கொண்டுவரும் மல்லிகையை எடை போட்டு, விற்ற விலையைப் பதிந்து, கமிஷனைக் கழித்து அவருக்குச் சிட்டை அடித்துக் கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. கடையிலுள்ள கம்ப்யூட்டரிலேயே நிறுவுகிற மென்பொருள் என்பதால் ஒரே நாளில் எல்லாக் கடைகளிலும் ஒரே வெர்ஷன் இருக்காது. ஒரு கடையில் 3.2 இருக்கும், பக்கத்துக் கடையில் 3.3 இருக்கும். முகூர்த்த சீசனில் யாரும் புது வெர்ஷன் போட விடமாட்டார்கள்.

பக் பதிவுக்கு ஆறு வருடமாக ஜிரா பயன்படுத்துகிறோம். அதில் `Affects versions`, `Fix versions` என்று இரண்டு ஃபீல்டுகள் உண்டு. முதல் இரண்டு வருடம் அவற்றைக் கடமைக்கு நிரப்பினோம். அப்புறம் ஒரு ஆவணி மாதம் நடந்த விஷயம்தான் அவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

நிலக்கோட்டையிலிருந்து ஒரு கமிஷன் கடை அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, விவசாயி கால்குலேட்டரோட வந்து நிக்கிறாரு. சிட்டையில ரெண்டு ரூபா கூடப் பிடிச்சிருக்குங்கிறாரு. நானும் போட்டுப் பார்த்தேன், அவர் சொல்றது சரியாத்தான் இருக்கு."

சிட்டையை வாங்கிப் பார்த்தோம். அந்த விவசாயியின் பூ நான்கு பேருக்கு, நான்கு விலைக்குப் போயிருந்தது. 1.250 கிலோ 620 ரூபாய் விலையில் 775 ரூபாய். 0.700 கிலோ 650 விலையில் 455. 0.450 கிலோ 610 விலையில் 274.50. 0.900 கிலோ 580 விலையில் 522. மொத்தம் 2026.50 ரூபாய். அந்தக் கடையில் கமிஷன் 10 சதவீதம், சில்லறையை மேல் ரூபாய்க்கு ஏற்றுவது வழக்கம். மொத்தத்தில் கணக்கிட்டால் 202.65, அதாவது 203 ரூபாய். எங்கள் மென்பொருள் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே ஏற்றி 78, 46, 28, 53 என்று போட்டு 205 பிடித்திருந்தது. இரண்டு ரூபாய்தான் என்று விட முடியாது. தினமும் பூ கொண்டுவருகிறவரிடம் தினமும் அப்படிப் பிடிக்கிறோம், அதுவும் வியாபாரியின் பெயர் அச்சடித்த சிட்டையில்.

அந்தக் கடையில் ஓடியது 3.2. எங்கள் டெஸ்டர் பக்கைப் பதியும்போது அஃபெக்ட்ஸ் வெர்ஷனில் 3.2 என்று மட்டும் போட்டார். அவர் கண்ணால் பார்த்தது அதைத்தான், அதனால் அவர்மேல் தவறில்லை. அப்போது 3.3 ஏற்கெனவே வெளியாகிப் பாதிக் கடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ரிலீஸான 3.4-க்கு ஆறு வாரம் இருந்தது. டெவலப்பர் மெயின் பிராஞ்சில் திருத்தி, ஃபிக்ஸ் வெர்ஷனில் 3.4 என்று போட்டார்.

ரிலீஸ் கூட்டத்தில் அந்த வரியைப் படித்தோம்: பாதிப்பு 3.2, திருத்தம் 3.4. நடுவில் இருக்கிற 3.3-ஐப் பற்றி அந்த வரி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததை நாங்களே "3.3-ல் பிரச்சினை இல்லை" என்று எடுத்துக்கொண்டோம். அதனால் அவசரத் திருத்தம் எதுவும் வேண்டாம், 3.2 வைத்திருப்பவர்களை 3.3-க்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். சப்போர்ட்டில் இருந்த தம்பி நிலக்கோட்டைக்கே பஸ் ஏறிப் போய் 3.3 போட்டுவிட்டு வந்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே அண்ணாச்சி போன் செய்தார். சிட்டையில் அதே இரண்டு ரூபாய்.

மாட்டுத்தாவணிக் கடைகள் 3.3-ல்தானே ஓடின, அங்கிருந்து ஏன் புகார் வரவில்லை? அங்கே பெரும்பாலும் ஒரு விவசாயியின் பூ முழுவதும் ஒரே விலைக்குப் போய்விடும். சிட்டையில் ஒரே வரி. ஒரு வரிக்கு ஏற்றினாலும் மொத்தத்தில் ஏற்றினாலும் விடை ஒன்றுதான். முகூர்த்த நாளில் வாங்க ஆள் கூடி, ஒரே மூட்டையைப் பலர் பிரித்து எடுத்தபோதுதான் அங்கேயும் தெரிந்தது. அந்த வாரமே அங்கிருந்தும் போன் வரத் தொடங்கியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். அஃபெக்ட்ஸ் வெர்ஷன் என்பது சாட்சி. பக் எங்கே பார்க்கப்பட்டது என்று அது சொல்கிறது. அங்கே இல்லாத வெர்ஷன் "நல்லது" என்று பொருளில்லை, "யாரும் பார்க்கவில்லை" என்றுதான் பொருள். பார்த்ததை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் எங்களுக்கு ஆனதுதான் ஆகும். ஆகவே திட்டமிடும் முன் யாராவது அந்தப் பட்டியலை முழுமையாக்க வேண்டும்.

எங்களிடம் அதைச் செய்வது டெவலப்பர். பக்கைத் திருத்தும்போதே, அதைக் கொண்டுவந்த கமிட் எது என்று `git blame` வைத்துத் தேடுவார். நிரல் வரிகள் இடம் மாறியிருந்தால் `git log -S` தேவைப்படும். கமிட் கிடைத்ததும் அது எந்தெந்த ரிலீஸில் போயிருக்கிறது என்று கிட்டிடமே கேட்கலாம்.

```
git tag --contains 4e1b7c2
v3.2
v3.3
```

சிட்டையில் ஒவ்வொரு வரிக்கும் கமிஷன் தெரிய வேண்டும் என்று 3.2-ல் ஒரு மாற்றம் செய்திருந்தோம். ஏற்றும் கணக்கு அப்போதுதான் வரிக்குள் நுழைந்திருக்கிறது. 3.1-ல் இல்லை, 3.2-லும் 3.3-லும் உண்டு. இதைத் தேட இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முதல் நாளே தேடியிருந்தால் நிலக்கோட்டைக்கு வெறும் கையோடு ஆள் போயிருக்காது.

ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு மாற்றத்தைச் `cherry-pick` செய்து வேறு பிராஞ்சுக்குக் கொண்டுபோனால் அங்கே அதற்குப் புது அடையாள எண் கிடைக்கும். அப்போது மேலே உள்ள கட்டளை அந்த ரிலீஸைக் காட்டாது. அதனால் எங்கள் குழுவில் `cherry-pick -x` என்றுதான் செய்ய வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அது பழைய எண்ணைக் கமிட் செய்தியிலேயே எழுதிவிடும், பின்னால் `git log --all --grep` போட்டுத் தேடிக்கொள்ளலாம்.

சரி, பட்டியல் 3.2, 3.3 என்று சரியானதும் கூட்டத்தில் பேச்சே மாறியது. வெளியே ஓடுகிற புதிய வெர்ஷனிலும் பக் இருக்கிறது, ஆகவே மாறச் சொல்ல நல்ல வெர்ஷன் எதுவும் இல்லை. ஆறு வாரம் காத்திருக்க முடியாது. 3.3 பிராஞ்சிலிருந்து 3.3.1 போடுவது என்று முடிவானது. 3.2-க்குத் தனியாகத் திருத்தம் வேண்டாம், அந்தக் கடைகளை 3.3.1-க்கே கொண்டுவரலாம் என்றும் பேசிக்கொண்டோம். ஆகவே பக்கில் பாதிப்பு 3.2, 3.3 என்றும் திருத்தம் 3.3.1, 3.4 என்றும் நின்றது. இரண்டு பட்டியலும் ஒன்றுக்கொன்று ஜோடியாக இருக்க வேண்டியதில்லை. பாதித்த ஒவ்வொரு வெர்ஷன் வரிசைக்கும் "இவர்கள் எங்கே போய்த் தப்பிப்பார்கள்" என்ற கேள்விக்குத் திருத்தப் பட்டியலில் பதில் இருந்தால் போதும். இப்போதும் கூட்டத்தில் அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு பக்குக்கும் கேட்கிறேன்.

இரண்டு வெர்ஷன்களை ஒரே டிக்கெட்டில் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஜிராவில் திருத்த வெர்ஷன் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் ஸ்டேட்டஸ் ஒன்றுதான். மெயினில் திருத்தி டிக்கெட்டை மூடிவிட்டால், 3.3.1-ல் இன்னும் செய்யவில்லை என்பது எங்கும் தெரியாது. 3.3.1-ன் பக்கத்தில் பார்த்தால் முடிந்த வேலையாகவே காட்டும். ஒருமுறை அப்படித் திருத்தம் இல்லாமலே பேட்ச் கட்டப்போய், கடைசி நேர டெஸ்டில் பிடித்தோம். அதிலிருந்து பழைய பிராஞ்சுக்குத் தனி டிக்கெட் போட்டு, முதல் டிக்கெட்டோடு இணைத்துவிடுகிறோம். டிக்கெட் எண்ணிக்கை கூடும், பரவாயில்லை.

ஃபிக்ஸ் வெர்ஷனில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லாத இடம் வேறொன்று. டிக்கெட் திறந்திருக்கும்வரை அது வாக்குறுதி, மூடிய பிறகு அது நடந்த செய்தி. ஒரே ஃபீல்டு, இரண்டு அர்த்தம். சப்போர்ட் தம்பி திறந்த டிக்கெட்டில் 3.4 என்று பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, 3.4-ல் வந்துரும்" என்று சொல்லிவிடுவான். அது தள்ளிப்போனால் பேச்சு கேட்பதும் அவன்தான். அப்பாச்சி ஸ்பார்க் திட்டத்தில் இதற்குத் தெளிவான வழி வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகே கமிட்டர்கள் ஃபிக்ஸ் வெர்ஷனைப் போடுவார்கள், பக் பதிகிறவர் பாதிப்பு வெர்ஷனைத்தான் குறைந்தது ஒன்றாவது போட வேண்டும். திட்டமிடுவதற்கு டார்கெட் வெர்ஷன் என்று தனி ஃபீல்டு உண்டு. நாங்களும் அதை ஒரு வருடம் செய்துபார்த்தோம். சிறிய குழுவில் மூன்றாவது ஃபீல்டை யாரும் ஒழுங்காக நிரப்பவில்லை. இப்போது ஒரே ஃபீல்டுதான், ஆனால் திறந்த டிக்கெட்டில் அதைப் போடும் உரிமை ரிலீஸ் பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும். சப்போர்ட்டுக்கு நாங்கள் அனுப்பும் பட்டியலில் மூடிய டிக்கெட்டுகள் மட்டுமே இருக்கும். பெரிய குழு என்றால் ஸ்பார்க் வழியே நல்லது என்று நினைக்கிறேன்.

ரிலீஸ் நாளிலும் ஒரு இடத்தில் கை நிற்க வேண்டும். வெர்ஷனை வெளியானதாகக் குறிக்கும்போது முடியாத டிக்கெட்டுகள் இருந்தால், அடுத்த வெர்ஷனுக்கு நகர்த்தவா என்று ஜிரா கேட்கும். அவசரத்தில் நகர்த்திவிட்டால், யாரும் யோசிக்காமலே ஒரு பக் 3.2-லிருந்து 3.3-க்கும், 3.3-லிருந்து 3.4-க்கும் போய்க்கொண்டே இருக்கும். அப்படி நகர்ந்தவற்றை இதைக் கொண்டு எடுக்கலாம்:

```
project = POO AND type = Bug
AND fixVersion changed FROM "3.3" AND fixVersion = "3.4"
```

அதில் வருகிற ஒவ்வொன்றையும் கூட்டத்தில் எடுத்து, உண்மையாகவே 3.4-ல் செய்யப்போகிறோமா என்று கேட்டு, இல்லையென்றால் ஃபீல்டைக் காலியாக்கிவிடுகிறோம். காலியாக இருப்பது நேர்மையான பதில். அப்படிக் காலியானவை தொலைந்துபோகாமல் இருக்கத் திங்கட்கிழமைதோறும் இன்னொரு தேடல்:

```
project = POO AND type = Bug
AND affectedVersion in releasedVersions()
AND fixVersion is EMPTY AND resolution is EMPTY
```

கடைகளில் ஓடுகிற வெர்ஷனில் பக் இருக்கிறது, எப்போது திருத்துவோம் என்று நாங்கள் இன்னும் சொல்லவில்லை என்பதுதான் இந்தப் பட்டியலின் பொருள். இதில் `is EMPTY` முக்கியம். முன்பு `fixVersion != "3.4"` என்று தேடி, 3.4-ல் இல்லாதவை எல்லாம் வந்துவிட்டன என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஃபீல்டு காலியான டிக்கெட்டுகள் அந்தத் தேடலில் வரவே வராது. அவற்றையும் பார்க்க வேண்டுமென்றால் `OR fixVersion is EMPTY` என்று தனியாகச் சேர்க்க வேண்டும்.

போன திங்கட்கிழமை அந்தப் பட்டியலில் ஏழு பக் இருந்தன. ஐந்துக்கு வெர்ஷன் குறித்தோம். எடை மெஷின் சம்பந்தமான மற்ற இரண்டில் பாதிப்பு வெர்ஷன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை முழுமையாக்கும்வரை எதுவும் முடிவு செய்வதில்லை என்று டெவலப்பரிடமே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.