20க்கு 16 வெற்றி என்ற விளம்பரத்தை நம்பி நான் ஏமாந்த கணக்கு

பாபநாசம் பக்கம் உரக்கடை நடத்துகிறேன். சென்ற ஆண்டு தொடக்கத்தில், கும்பகோணத்தில் ஒரு ஓட்டல் மாடியில் நடந்த இலவசக் கூட்டத்திற்குப் போனேன். பங்குச் சந்தைக் குறியீடான நிப்டியின் ஆப்ஷனில் தினமும் எதை, எப்போது வாங்கி விற்க வேண்டும் என்று குறுஞ்செய்தி அனுப்பும் ஒருவர் அதை நடத்தினார். பெயரைச் சொல்வது என் நோக்கமன்று. அவர் திரையில் காட்டியது ஒரே வரி: கடைசி 20 வர்த்தகத்தில் 16 வெற்றி. ஆறு மாதச் சந்தா 25,000 ரூபாய்.

கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடவில்லை. புள்ளியியல் படித்த என் தங்கை மகனிடம் கேட்டேன். அவன் கணக்குப் போட்டு, "மாமா, நாணயத்தை 20 முறை சுண்டினால் 16 அல்லது அதற்கு மேல் தலை விழுவது 169 தடவைக்கு ஒரு தடவைதான். இது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு குறைவு" என்றான். கணக்கு சரியானது, இன்றும் அதில் தவறு காண முடியாது. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள விளையாட்டு என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டதுதான் தவறு.

அவர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் வாங்கும் விலைக்கு மேல் 10 புள்ளியில் லாபத்தோடு விற்று வெளியேறும் டார்கெட்டும், கீழே 40 புள்ளியில் நஷ்டத்தை ஏற்று வெளியேறும் ஸ்டாப்லாஸும் இருக்கும். அப்போது நிப்டியில் ஒரு லாட், அதாவது வாங்கக்கூடிய குறைந்தபட்ச அளவு, 75. ஆகவே ஜெயித்தால் 750 ரூபாய், தோற்றால் 3,000 ரூபாய். இந்த இரண்டு எண்களும் முதல் நாளே என் கண்ணில் பட்டன. "ஸ்டாப்லாஸ் அகலமாக இருந்தால்தான் சந்தை மூச்சு விட இடம் இருக்கும்" என்று அவர் விளக்கியபோது அதையும் ஒப்புக்கொண்டேன்.

முதல் 40 வர்த்தகத்தில் 34 வெற்றி கிடைத்தது. ஒரு லாட்டில் புரோக்கரேஜ், வரி எல்லாம் சேர்த்து வர்த்தகத்திற்குச் சுமார் 65 ரூபாய் போனதையும் கழித்தால், கையில் நின்ற லாபம் 4,900 ரூபாய். 85 சதவீத வெற்றி என்னும் மயக்கத்தில் மூன்று லாட்டாக உயர்த்தினேன். அடுத்த 80 வர்த்தகத்தில் 61 வெற்றி, 19 தோல்வி. அதாவது நான்கில் மூன்றுக்கு மேல் ஜெயித்துக்கொண்டேதான், செலவும் சேர்த்து 42,000 ரூபாய்க்கு மேல் இழந்தேன். அதில் ஒரு நாள் மறக்காது. கடையில் யூரியாவுக்குப் பில் போட்டுக்கொண்டிருந்த காலை நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஸ்டாப்லாஸ் அடித்தன. 27,000 ரூபாய் போயிற்று. இருபது மூட்டை டிஏபியின் விலை.

சந்தாவோடு சேர்த்து 62,000 ரூபாய் போன பிறகு, கடைக் கணக்கு எழுதும் நோட்டிலேயே 120 வர்த்தகத்தையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். மொத்த வெற்றி 95. மருமகன் அதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தான் முதலில் போட்ட கணக்கை அடித்துவிட்டு வேறொன்று போட்டான். விலை எந்தப் பக்கம் போகும் என்று யாருக்குமே தெரியாது என்று வைத்துக்கொண்டால், 10 புள்ளி மேலே இருக்கும் எல்லையை, 40 புள்ளி கீழே இருக்கும் எல்லைக்கு முன்னால் தொடும் வாய்ப்பு 50க்கு 40, அதாவது 80 சதவீதம். அருகில் இருக்கும் எல்லை அடிக்கடி தொடப்படும். தூரத்தில் இருப்பது எப்போதாவது தொடப்பட்டாலும் நான்கு மடங்கு பிடுங்கிக்கொள்ளும். கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்கும் ஒருவருக்கும் 120 வர்த்தகத்தில் சுமார் 96 வெற்றி வரும். நான் 25,000 ரூபாய் கொடுத்துப் பெற்றது 95. கூட்டத்தில் காட்டிய 20க்கு 16 என்பதும் அதே 80 சதவீதம்தான். அதைப் பெற அவர் பொய் சொல்லியிருக்கக்கூடத் தேவையில்லை.

(ஆப்ஷனின் விலையான பிரீமியம் நாளாக நாளாகக் கரைவதாலும், சில நேரம் விலை ஸ்டாப்லாஸைத் தாண்டிக் குதிப்பதாலும், நிஜத்தில் வாங்குபவரின் நிலை இந்தக் கணக்கைவிடச் சற்று மோசமாகவே இருக்கும்.)

ஆகவே வெற்றி விகிதத்தை 50 சதவீதத்தோடு ஒப்பிடக் கூடாது; டார்கெட்டும் ஸ்டாப்லாஸும் சேர்ந்து எந்தத் திறமையும் இல்லாமலேயே கொடுக்கும் விகிதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். எனக்கு அது 80. செலவையும் ஈடுகட்ட ஏறத்தாழ 82 தேவை. உண்மையிலேயே திறமையுள்ள ஒருவர் இதே எல்லைகளில் 84 சதவீதம் ஜெயிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லாட்டுக்கு, செலவு போக, வர்த்தகத்திற்கு 85 ரூபாய் அவருக்கு மிஞ்சும். அந்த 84ஐ வெறும் 80லிருந்து பிரித்தறிய எத்தனை வர்த்தகம் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் பணம் கட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இருபது வர்த்தகத்தில் தற்செயலால் மட்டுமே விகிதம் 9 சதவீதம் மேலும் கீழும் ஆடுவது சாதாரணம்; அதில் இரு மடங்கு ஆடுவதும் அரிதன்று. நாற்பதில் 6 சதவீதம் ஆடும். என் தொடக்கக் கால 85 சதவீதம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கியது. நானூறு வர்த்தகம் ஆனால்தான் ஆட்டம் 2 சதவீதமாகக் குறைந்து, 4 சதவீத வித்தியாசம் அதன் இரு மடங்காக வெளியே தெரியத் தொடங்கும். அப்போதும் திறமையுள்ளவரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் வாய்ப்பு ஏறத்தாழ பாதி. அந்த வாய்ப்பை ஐந்தில் ஒன்றாகக் குறைக்க 750 வர்த்தகம் வேண்டும். தேடும் வித்தியாசம் பாதியானால் தேவைப்படும் எண்ணிக்கை நான்கு மடங்காகும். மாறாக, டார்கெட்டும் ஸ்டாப்லாஸும் சமமாக வைத்து ஒருவர் 80 சதவீதம் ஜெயித்தால், இருபது முப்பதிலேயே கவனிக்கத் தக்கது அது. எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண் கிடையாது.

வாரத்திற்கு ஆறு செய்தி வீதம் ஆறு மாதச் சந்தாவில் சுமார் 150 வர்த்தகம்தான் வரும். சந்தா முடியும் வரை ஆள் யாரென்று தெரிந்துகொள்ளவே வழியில்லாத கால அளவு அது. அந்த 150ம் தனித்தனிச் சோதனைகள் அல்ல. அந்த 27,000 ரூபாய் நாளில் மூன்று செய்தியும் ஒரே திசையில், ஒரே காலை நேரத்தில் வந்தவை. ஒரே வாய்க்கால் பாயும் மூன்று வயல் ஒரே மழையில் மூழ்கினால், எங்கள் ஊரில் அதை மூன்று போகத்து அனுபவம் என்று யாரும் சொல்வதில்லை. அப்படிச் சேர்ந்து வருபவற்றை ஒன்றாக எண்ணினால் என் 120 இன்னும் சுருங்கிவிடும்.

இன்னொன்றும் பிறகு தெரிந்தது. மன்னார்குடியில் எனக்குப் பழக்கமான ஒருவர் அதே ஆளின் வேறொரு குழுவில் இருந்திருக்கிறார். தொடக்கத்திலேயே தோல்விகள் அடுக்கடுக்காக வந்ததும் அந்தக் குழு கலைக்கப்பட்டதாம். நன்றாக ஓடிய குழுவின் பட்டியல் மட்டும் கூட்டத்தில் திரைக்கு வந்தது. நான்கு குழு தொடங்கி ஒன்றைக் காட்டுபவரிடம் 20 வர்த்தகப் பட்டியல் எதையுமே நிரூபிக்காது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் ஆய்வாளராகப் பதிவு செய்தவருக்கு INH என்று தொடங்கும் எண் இருக்கும். அவரிடம் அது இல்லை. நான் கேட்டதே பணம் போன பிறகுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, என் மனக்கட்டுப்பாடு போதவில்லை என்று பதில் வந்தது. சென்ற வாரம் அவருடைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். புதிய குழுவில் 30க்கு 26 வெற்றி, பழைய வாடிக்கையாளருக்குச் சலுகை என்றார். டார்கெட் எத்தனை புள்ளி, ஸ்டாப்லாஸ் எத்தனை புள்ளி என்று கேட்டேன்.

"அதெல்லாம் சேர்ந்த பிறகு கிளாஸில் சொல்வார்கள் சார்" என்றார்.