மூன்று கதவுகள், ஒரு மரணம்: லாரி ஓட்டுநர் குடும்பம் எங்கே மனு போடுவது?

நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர். வயது 35, மாதச் சம்பளம் 15,000 ரூபாய். வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கணவனை இழந்த அம்மா. 2024 டிசம்பரில் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு, தேசிய நெடுஞ்சாலையில் விளக்கு எதுவும் எரியாமல் நின்ற இன்னொரு லாரியின் பின்னால் இவர் மோதி இறந்துவிடுகிறார். ஆள் கற்பனைதான், ஆனால் இந்த மாதிரி விபத்து புதிதல்ல. வக்கீல் ஆபீஸில் கணக்கு போட்டுத் தரும் வேலையில் இருப்பதால், இதே கேள்வி வேறு வேறு பெயர்களில் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கும்.

குடும்பத்துக்கு மூன்று வழிகள். மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவில் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவது, எம்.சி.ஓ.பி. என்று சொல்கிறோமே, அது. அதே சட்டத்தின் 164-வது பிரிவில் தவறு யாருடையது என்று பார்க்காமல் கிடைக்கும் 5 லட்சத்தை வாங்கிக்கொள்வது. அல்லது ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி தொழிலாளர் துணை ஆணையரிடம் போவது. அந்த 1923-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. நம் விபத்து அதற்கு முந்தையது என்பதால் பழைய சட்டத்தையே வைத்துக் கணக்கு போடுவோம்.

முதலில் 166. இங்கேதான் பெருக்கி முறை, வக்கீல் பேச்சில் மல்டிபிளையர். இறந்தவர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு எவ்வளவு கொடுத்துவந்தார் என்று கண்டுபிடித்து, அதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவதுதான் முறை. அட்டவணை 2009-ல் வந்த சரளா வர்மா தீர்ப்பிலிருந்து வருகிறது. எதிர்கால வருமான உயர்வுக்கு எத்தனை சதவீதம் சேர்ப்பது என்பதை 2017 அக்டோபர் 31 அன்று பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவு செய்தது. நிரந்தர வேலை இல்லாமல் குறித்த சம்பளம் வாங்குபவர், 40 வயதுக்குக் கீழ் என்றால் 40 சதவீதம். நிரந்தர வேலையாக இருந்திருந்தால் 50.

ஆக 15,000-த்தோடு 6,000 சேர்ந்து 21,000. இதில் இறந்தவர் தனக்கென்று செலவழித்திருக்கக்கூடியதைக் கழிக்க வேண்டும். நம்பியிருப்பவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, நாலு முதல் ஆறு பேர் என்றால் நாலில் ஒரு பங்கு. இவருக்கு நாலு பேர். 5,250 போக மாதம் 15,750, வருஷத்துக்கு 1,89,000. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கி 16.

1,89,000 × 16 = 30,24,000

ஓய்வு பெற 25 வருஷம் இருக்கும்போது ஏன் 16 மட்டும் என்று எல்லாக் குடும்பமும் கேட்கும். நியாயமான கேள்விதான். 25 வருஷத்தில் துளித்துளியாக வரவேண்டிய பணம் ஒரே நாளில் கைக்கு வருகிறது, அது வட்டி ஈட்டும் என்பதுதான் பதில். 30,24,000-ஐ 6.25 சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷ வட்டி சரியாக 1,89,000. அசலைத் தொடாமலே அவர் கொடுத்துவந்த தொகை வரும். 16-ஐத் தலைகீழாகப் போட்டால் 6.25 சதவீதம், அவ்வளவுதான். மீதமுள்ள வருஷங்களை அப்படியே பெருக்கும் வாதத்தை உச்ச நீதிமன்றம் 1993-லேயே சூசம்மா தாமஸ் வழக்கில் ஏற்கவில்லை.

இதன்மேல் மூன்று வழக்கமான தலைப்புகள்: துணையிழப்பு 40,000, சொத்திழப்பு 15,000, ஈமச்செலவு 15,000. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏற்ற வேண்டும் என்று பிரணய் சேத்தியிலேயே இருக்கிறது. இரண்டு முறை ஏற்றினால் 48,400-ம், 18,150 வீதம் இரண்டும். துணையிழப்பு மனைவிக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆளுக்கு ஆள் உண்டு. நாலு பேருக்கு 1,93,600. மற்ற இரண்டும் சேர்த்து 36,300. மொத்தம் 32,53,900 ரூபாய்.

இந்தக் கணக்கில் தப்பு வருவது பெருக்கலில் இல்லை, மனுவின் முதல் பக்கத்தில். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாது என்று அம்மாவை விட்டுவிட்டு மூன்று பேர் மட்டும் மனு போட்டு, அம்மாவை எங்கேயும் சேர்க்காமல் விட்டால், கழிவு மூன்றில் ஒரு பங்காகிறது. மாதம் 14,000, பெருக்கிய தொகை 26,88,000. அம்மாவின் துணையிழப்பும் போகும். 3,84,400 ரூபாய் காணாமல் போவதற்குக் காரணம் ஒரு குடும்பச் சண்டை. வயதும் அப்படித்தான். 35-ஆக இல்லாமல் 36 என்று பதிவானால் பெருக்கி 15, ஒரே அடியாக 1,89,000 குறையும். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு தேதி என்று இருப்பதை மனு போடுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

164-வது பிரிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரணத்துக்கு 5 லட்சம், வயதும் சம்பளமும் எதுவாக இருந்தாலும். பிரச்சினை வேறு: 149-வது பிரிவின் சமரச நடைமுறையில் இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும். காரியச் செலவுக்குக் கூடக் கையில் காசில்லாத வீட்டில் 5 லட்சத்துக்கான காகிதம் நீட்டப்படும்போது, அடுத்த பக்கத்தில் 32 லட்சம் இருக்கிறது என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

உண்மையான போட்டி மூன்றாவது வழியோடுதான். அங்கேயும் பெருக்கல் உண்டு, ஆனால் வேறு மாதிரி. மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்குகிறார்கள். 35 வயதுக்கு அது 197.06. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 15,000-க்கு மேல் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

7,500 × 197.06 = 14,77,950

ஈமச்செலவுக்குத் தனியாக 5,000. எதிர்கால உயர்வும் இல்லை, துணையிழப்பும் இல்லை, எத்தனை பேர் நம்பியிருந்தார்கள் என்பதும் கணக்கில் வராது. பாதிக்கும் குறைவு. அப்படியானால் யார் அங்கே போவார்கள்?

தன் தவறால் இறந்த ஓட்டுநரின் குடும்பம் போகும். 166-ல் பணம் வாங்க எதிர்த்தரப்பின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். துணை ஆணையரிடம் அந்தக் கேள்வியே எழாது. வேலையில் இருக்கும்போது, வேலை காரணமாக விபத்து நடந்ததா என்பது மட்டும்தான். ஓட்டுநர் குடித்திருந்தார் என்ற வாதம்கூட மரணம் என்று வந்துவிட்டால் முதலாளியைக் காப்பாற்றாது. சட்டத்தின் 3-வது பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது நம் வழக்குக்கு வருவோம். நின்ற லாரியில் பின்னால் போய் மோதியவர் இவர். போலீஸ் முதல் தகவல் அறிக்கையை இறந்தவர் மேலேயே போட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லை என்று வழக்கை முடித்துவிடுவது நடக்கிற கதை. தீர்ப்பாயம் அதோடு நிற்காது. இருவர் தவறையும் சதவீதமாகப் பிரிக்கும். இவர் பங்கு 30 என்றால் கிடைப்பது 22,77,730. பாதிப் பாதி என்றால் 16,26,950. அசலை மட்டும் பார்த்தால் இவர் தவறு சுமார் 54 சதவீதம் வரை 166-தான் லாபம், அதைத் தாண்டினால் துணை ஆணையர்.

ஆனால் வட்டியை விட்டுவிடக் கூடாது. ஊழியர் இழப்பீட்டில் 12 சதவீதம், தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதம் கழிந்த பின். தீர்ப்பாயத்தில் வட்டி நீதிபதி முடிவு, மனு தேதியிலிருந்து, 7.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷம் இழுத்தால் 14,77,950 வளர்ந்து 20,10,012 ஆகிறது. பாதிப் பாதியில் வந்த 16,26,950 வளர்ந்து 19,93,014. தராசு சாய்ந்துவிட்டது! அதாவது எல்லைக்கோடு 54 அல்ல, கிட்டத்தட்ட 50.

சம்பளம் கூடினால் கோடு நகரும். இதே ஆள் மாதம் 25,000 வாங்கியதை நிரூபிக்க முடிந்தால் 166-ல் மொத்தம் 52,69,900. துணை ஆணையரிடம் அதே 14,77,950. அப்போது 70 சதவீதம் தவறு இவர் மேல் என்றாலும் அசல் கணக்கில் தீர்ப்பாயமே மேல். ஆனால் நிரூபிப்பது லேசில்லை. லாரி ஓட்டுநர் வருமானத்தில் பெரும்பகுதி படிக்காசு, அது முதலாளியின் பாக்கெட் நோட்டில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே நான் முதலில் கேட்பது சம்பளச் சீட்டையல்ல, சம்பவ இட வரைபடத்தையும், அங்கே கண்டதைப் போலீஸ் எழுதிவைக்கும் பார்வை மகஜரையும். நின்ற லாரி தார்ச்சாலைக்குள் எத்தனை அடி இருந்தது? பின்விளக்கு, எச்சரிக்கை முக்கோணம் இருந்தனவா? மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் பின்பக்கப் பிரதிபலிப்புப் பட்டை பற்றி என்ன இருக்கிறது? இவருடைய டயர் தடம் சாலையில் இருக்கிறதா? பிரேக் தடம் இருந்தால் ஆள் தூங்கவில்லை, கடைசி நொடியில் பார்த்திருக்கிறார் என்று வாதாடலாம். ஒரு தடமும் இல்லை, நின்ற லாரி சாலையோர மண்ணில் ஒதுங்கி நின்றது என்றால் நான் துணை ஆணையர் ஆபீஸைத்தான் காட்டுவேன்.

இரண்டிலும் வாங்க முடியாது. 167-வது பிரிவு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. வாரிசுகள் கேட்காமலே முதலாளி தானாகத் தொகை கட்டினால் அது வாரிசுகளின் தேர்வு ஆகாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டிய தொகை பின்னால் கழிக்கப்படும். காலக்கெடுவும் ஒன்றல்ல: 166-க்குச் சட்டத்தில் விபத்திலிருந்து ஆறு மாதம், ஊழியர் இழப்பீட்டுக்கு இரண்டு வருஷம். யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் பெரிய தொகையின் கெடுவைத்தான் முதலில் தின்னும்.

அதே லாரியில் கிளீனராக 22 வயதுப் பையன் ஒருவன் இருந்து அவனும் இறந்திருந்தால் இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. அவன் ஸ்டியரிங் பிடிக்கவில்லை, எந்த லாரி எத்தனை சதவீதம் என்பது அவன் அம்மாவின் கவலை இல்லை. இரண்டில் எந்தத் தரப்பிடமும் முழுத்தொகை கேட்கலாம். சம்பளம் 12,000, உயர்வு சேர்த்து 16,800, கல்யாணமாகாதவன் என்பதால் பாதி கழிந்து 8,400. பெருக்கி அம்மாவின் வயதுக்கு அல்ல, அவன் வயதுக்கு: 18. வருவது 18,14,400, அதன்மேல் வழக்கமான தலைப்புகள்.