பத்தாயிரமாவது பாட்டுக்குப் பிறகு

ஒன்பது வருடமாக ஒரே மியூசிக் ஆப்பைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் 'எல்லாம்' என்று ஒரு பிளேலிஸ்ட். எங்கே எந்தப் பாட்டு பிடித்தாலும் யோசிக்காமல் அதில் போட்டுவிடுவேன். வகை பிரிப்பதில்லை, வரிசை மாற்றுவதில்லை. சேர்த்த தேதிதான் வரிசை. அந்த மாதம் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் என்று பார்க்க வேண்டுமானால் கீழே உருட்டினால் போதும். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இல்லாதவனுக்கு அதுதான் நாட்குறிப்பு.

ஒருநாள் மூன்று வாரத்துக்கு முன்னால் சேர்த்த ஒரு ஆல்பத்தைத் தேடினேன். காணவில்லை. தேதிப்படி வரிசைப்படுத்திப் பார்த்தால், பட்டியலில் கடைசியாகச் சேர்ந்த பாட்டின் தேதி ஏறக்குறைய ஒரு மாதம் பழையது. மேலே எண்ணிக்கை 10,000 என்று வழவழப்பாக நின்றது. அப்போதுதான் புரிந்தது. நான் 'சேர்' என்று அழுத்தும்போதெல்லாம் திரையின் அடியில் ஒரு சின்னக் கீற்று வந்து போயிருக்கிறது. வழக்கம்போல 'சேர்க்கப்பட்டது' என்றுதான் இருக்கும் என்று நினைத்துப் படிக்கவே இல்லை. பட்டியல் நிரம்பிவிட்டது என்றுதான் அது சொல்லிக்கொண்டிருந்தது.

உங்கள் பட்டியலும் பெரிதாக இருந்தால் இதே சோதனையைச் செய்து பாருங்கள். மொத்த எண்ணிக்கை முழு ஆயிரத்தில் நிற்கிறதா, கடைசிப் பாட்டின் தேதி இந்த வாரத்ததுதானா, இரண்டே கேள்விகள்.

இதில் பலரும் குழம்புவது, வரம்பு ஒன்றல்ல என்பதில்தான். ஒரு பிளேலிஸ்ட்டுக்கு ஒரு வரம்பு, சேமித்த பாடல்கள் மொத்தத்துக்கு இன்னொரு வரம்பு, போனில் இறக்கி வைப்பதற்கு மூன்றாவது. ஸ்பாட்டிஃபையில் மொத்தச் சேமிப்புக்கு இருந்த 10,000 வரம்பை 2020 மே மாதம் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு பிளேலிஸ்ட்டுக்கு 10,000, ஒரு கருவியில் இறக்கி வைக்க 10,000 என்பவை அப்படியே இருந்தன. 'லிமிட்டை எடுத்துட்டாங்களே' என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள். யூடியூப் மியூசிக்கில் ஒரு பிளேலிஸ்ட்டுக்கு 5,000. ஆப்பிள் மியூசிக்கில் மொத்த லைப்ரரிக்கு 1,00,000, அவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள் இதில் சேராது. லட்சம் என்றால் நிறையத் தெரிகிறது. ஆனால் அங்கே ஒரு ஆல்பத்தைச் சேர்த்தால் அதிலுள்ள பாட்டு ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். பிளேலிஸ்ட்டில் போடும் பாட்டுகளை லைப்ரரியிலும் தானாகச் சேர்க்கும் Add Playlist Songs என்ற அமைப்பும் உண்டு. அது திறந்திருந்தால் ஒருமுறை கேட்டுவிட்டு மறந்த பாட்டெல்லாம் லைப்ரரியில் குடியேறிவிடும்.

இறக்கி வைக்கும் வரம்பைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நொடிக்கு 320 கிலோபிட் தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு சுமார் 9.6 எம்பி. பத்தாயிரம் என்றால் 96 ஜிபி. பெரும்பாலானவர்களுக்கு வரம்பைத் தொடுவதற்கு முன்னால் போன் நிரம்பிவிடும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதலில் எல்லோரும் சொல்லும் வைத்தியத்தைச் செய்தேன்: இரட்டைகளைக் களைவது. ஆப்பே 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று எச்சரிக்குமே, பிறகு இரட்டை எங்கிருந்து வந்தது என்று தோன்றலாம். அந்த எச்சரிக்கை பாட்டின் அடையாள எண்ணை மட்டும்தான் பார்க்கிறது. ஒரே பாட்டு தனிப்பாடலாக ஒருமுறை, ஆல்பத்தில் ஒருமுறை, தொகுப்பில் ஒருமுறை என்று வந்தால் மூன்றுக்கும் மூன்று எண்கள். ஆப்புக்கு அவை மூன்று வேறு பாட்டுகள்.

இதைப் பிடிக்க ஒலிப்பதிவுக்கென்றே உள்ள ISRC உதவுகிறது. பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட சர்வதேசக் குறியீடு அது. ஒரே ஒலிப்பதிவு எத்தனை ஆல்பத்தில் வந்தாலும் முறைப்படி அதே குறியீடுதான் இருக்க வேண்டும். பிளேலிஸ்ட்டை சிஎஸ்வி கோப்பாக இறக்கித் தரும் இணையக் கருவிகளில் சில இந்தக் குறியீட்டையும் ஒரு நெடுவரிசையாகக் கொடுக்கின்றன. கோப்பை ஸ்பிரெட்ஷீட்டில் திறந்து, சேர்த்த தேதிப்படி பழையது மேலே வருமாறு அடுக்கினேன். என் கோப்பில் குறியீடு P நெடுவரிசையில் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டு கீழே வரை இழுத்தேன்:

```
=COUNTIF(P$2:P2,P2)>1
```

TRUE என்று வரும் வரிகள் எல்லாம் இரண்டாவது முறை வந்தவை. பழையது மேலே இருப்பதால் முதல் முறை சேர்த்தது தப்பிவிடும், பிந்தியது மட்டும் மாட்டும். எனக்கு அந்தத் தேதிதான் முக்கியம் என்பதால் இந்த வரிசையில் பிடிவாதமாக இருந்தேன். பழைய பாட்டை மறுசீரமைத்து வெளியிட்ட பதிப்புகளுக்குப் பெரும்பாலும் வேறு குறியீடு இருக்கும். அவை இதில் சிக்கவில்லை, சிக்கவும் வேண்டாம். சில மறுசீரமைப்புகளில் பாட்டின் சத்தத்தைக் கண்டபடி ஏற்றிவைத்திருப்பார்கள், பழையதையும் வைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டு மாலை உட்கார்ந்து 412 பாட்டுகளை நீக்கினேன். பெரிய சாதனை போலத்தான் இருந்தது. பிறகு கணக்குப் போட்டேன். ஒன்பது வருடத்தில் பத்தாயிரம் என்றால் நாளைக்கு மூன்று பாட்டு. 412 இடம் நாலரை மாதத்துக்கு வரும். அவ்வளவுதான் வந்தது. அதனால் இரட்டை நீக்குவது வேண்டாத வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் நிரம்பிய பட்டியலுக்கு அது தீர்வு ஆகாது, தவணை வாங்குவது மட்டும்தான். மொத்த லைப்ரரிக்கு வரம்புள்ள சேவையாக இருந்தால் கதை வேறு. அங்கே புதுப் பட்டியல் திறந்து தப்பிக்க முடியாது, களைவதைத் தவிர வழியில்லை.

களையும்போது சாம்பல் நிறத்தில் கிடக்கும் பாட்டுகள் கண்ணில் படும். உரிமை போய் இப்போது ஒலிக்காதவை. பல ஆப்களில் இவை மறைந்திருக்கும், கிடைக்காத பாட்டுகளைக் காட்டும் அமைப்பைத் திறந்தால்தான் தெரியும். மறைந்திருந்தாலும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். நான் இவற்றை நீக்கவில்லை. உரிமை திரும்பி வந்து சில பாட்டுகள் மறுபடி ஒலிக்கத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதோடு, நீக்கிவிட்டால் அந்தப் பாட்டு இருந்தது என்பதே மறந்துபோகும்.

நாலரை மாதம் கழித்து மறுபடி சுவரில் முட்டினேன். இந்த முறை பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் தவறு செய்தேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பாடல் வரி இல்லாத கருவியிசை மட்டும் சுமார் 1,800 இருந்தது. அவற்றைத் தேர்ந்தெடுத்து 'கருவியிசை' என்ற புதுப் பட்டியலுக்கு நகலெடுத்தேன். சரியாக வந்துவிட்டதா என்று எண்ணிக்கை பார்த்தேன், சரியாக இருந்தது. அப்புறம் 'எல்லாம்' பட்டியலிலிருந்து அந்த 1,800ஐயும் நீக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க இந்த வேலை. முடித்துவிட்டுப் புதுப் பட்டியலைத் தேதிப்படி அடுக்கிப் பார்த்தால், 1,800 பாட்டுக்கும் ஒரே தேதி. அந்த ஞாயிற்றுக்கிழமை.

சேர்த்த தேதி பாட்டோடு ஒட்டியிருப்பதில்லை. அந்தப் பட்டியலில் அந்த இடத்தோடு ஒட்டியிருப்பது. வேறு பட்டியலுக்கு நகலெடுத்தால் அங்கே அது புதிதாகச் சேர்ந்த பாட்டு. பழைய தேதியைக் கையால் போடவும் ஆப்பில் வழியில்லை. இரட்டை நீக்கியபோது இறக்கிய சிஎஸ்வி கோப்பு கையில் இருந்ததால் தேதிகள் எனக்குத் தெரியும், ஆப்புக்குத்தான் தெரியாது. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: புதுப் பட்டியலைக் காலிசெய்து, கோப்பிலுள்ள பழைய தேதி வரிசையிலேயே பாட்டுகளை மறுபடி சேர்த்தேன். தேதி பொய், வரிசை மெய் என்ற அளவுக்குக் காப்பாற்றினேன்.

செய்திருக்க வேண்டியது மிக எளிது. நிரம்பிய பட்டியலிலிருந்து எதையும் வெளியே எடுக்கக் கூடாது. அதை அப்படியே மூடிவிட்டு, புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன். 8,200 பாட்டோடு நிற்கும் பழையதன் பெயர் 'எல்லாம் 1', இனி அதில் எதுவும் சேராது. காலியாகும் 1,800 இடத்தை நிரப்பலாமே என்று ஆசை வரும். நிரப்பினால் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு கெட்டுவிடும். புதியது 'எல்லாம் 2'. இரண்டையும் ஒரே போல்டரில் போட்டிருக்கிறேன். போல்டரை மொத்தமாக ஓடவிடும் வசதி என் ஆப்பில் இருப்பதால் கேட்பதில் வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் சொன்னால் நல்லதாகிவிட்டது. பத்தாயிரம் பாட்டுப் பட்டியலை போனில் கீழே உருட்டினால் இடையிடையே வெற்று வரிகள் வந்து நின்றுகொண்டிருக்கும். இப்போது அது இல்லை.

கேட்பதற்கு ஒரே ஒரு பெரிய பட்டியல் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: பத்தாயிரம் பாட்டை நான்கு நிமிடம் வீதம் ஓடவிட்டால் 667 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் கேட்டால் கிட்டத்தட்ட இரண்டு வருடம். கலைத்துப்போட்டுக் கேட்கும்போது இரண்டு பட்டியலா ஒன்றா என்பது காதுக்குத் தெரியப்போவதில்லை.

வேறு சேவைக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் 'எல்லாம் 1' தலைவலி தரும். 8,200 பாட்டை 5,000 வரம்புள்ள இடத்துக்குக் கொண்டுபோனால் ஒரே பட்டியலாக உட்காராது. மாற்றும் கருவியிடம் விடாமல், சிஎஸ்வியை நாமே இரண்டாக வெட்டி ஏற்றுவது மேல். மீதியை எந்த இடத்தில் விட்டது என்று தேட வேண்டியிருக்காது.

'எல்லாம் 2'இல் இப்போது 640 சொச்சம் பாட்டுகள். மாதம் முதல் தேதியில் அதையும் சிஎஸ்வியாக இறக்கி வைக்கிறேன், ஒரு நிமிட வேலை. 'கருவியிசை' பட்டியலைத் திறந்தால் மட்டும் இன்றைக்கும் 1,800 வரியிலும் ஒரே தேதி. அதற்குப் பக்கத்தில் பழைய சிஎஸ்வியைத் திறந்துவைத்துக்கொண்டுதான், எது எந்த வருடத்துப் பாட்டு என்று பார்க்கிறேன்.