சிக்கலெண்ணா, மீதியா: பல்லுறுப்பிப் பெருக்கலில் நான் எடுத்த பக்கம்

போன விடுமுறையில் உப்புவெளியில் அக்கா வீட்டில் நின்றபோது, உயர்தரம் படிக்கும் மருமகன் மடிக்கணினியோடு வந்தான். "மாமா, சின்ன எண்களுக்குச் சரியா வருது. பெரிசு குடுத்தா கடைசி இலக்கங்கள் பிழையா வருது" என்றான். அவனுக்கு வந்த கணக்கு இதுதான்: இரண்டு பல்லுறுப்பிகள், ஒவ்வொன்றிலும் 1,00,000 குணகங்கள், ஒரு குணகம் 999999 வரை போகலாம். பெருக்கி, விடையின் ஒவ்வொரு குணகத்தையும் 998244353 ஆல் வகுத்த மீதியைச் சொல்ல வேண்டும்.

பள்ளியில் பெருக்குவதுபோல் பெருக்கினால் 1000 கோடிப் பெருக்கல்கள். அதை விடுவோம். எஃப்.எஃப்.டி எனும் வேக ஃபூரியர் உருமாற்ற வழியில் இரண்டையும் 262144 புள்ளிகளில் மதிப்பிட்டு, புள்ளிக்குப் புள்ளி பெருக்கி, திரும்பவும் குணகங்களாக மாற்றுகிறோம். மூன்று உருமாற்றங்களுக்கும் சேர்த்து 70 இலட்சம் சொச்சம் படிகள்தான். கேள்வி, அந்தப் புள்ளிகளைச் சிக்கலெண்களாக எடுப்பதா, ஒரு முதன்மை எண்ணின் மீதிகளாக எடுப்பதா என்பது.

மருமகன் எடுத்தது சிக்கலெண். பாடத்தில் படித்த சைனும் கோசைனும் அப்படியே வரும், எழுதவும் சுலபம். ஆனால் அவனுடைய கணக்கில் நடுக் குணகம் 10^17 வரை போகும். `double` முழு எண்களை ஒன்றுவிடாமல் வைத்திருப்பது 2^53 வரைதான், அதாவது ஏறத்தாழ 9×10^15. 10^17 அளவில் அடுத்தடுத்த இரண்டு `double` எண்களுக்கு நடுவே 16 இடைவெளி இருக்கிறது. உருமாற்றம் பிசகே இல்லாமல் நடந்தாலும் கடைசி இலக்கங்கள் நிற்க இடமில்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. விடை அருகிலுள்ள முழு எண்ணிலிருந்து எவ்வளவு விலகுகிறது, அது 0.5 ஐ நெருங்குகிறதா என்று பார்ப்பதே வழக்கமான சோதனை. அவனும் பார்த்தான், பெரிய குணகங்களில் விலகல் 0 என்றே வந்தது. 2^53 ஐத் தாண்டினால் `double` இல் பின்னமே கிடையாது, அதனால் பிழையான விடையும் முழு எண்ணாகவே நிற்கும்.

இதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு குணகத்தையும் 1000h + l என்று பிரித்தால் எண்கள் 10^11 அளவுக்கு இறங்கும், துல்லியம் தாராளமாகப் போதும். ஆனால் மூன்று உருமாற்றங்கள் ஏழாகும்.

நான் மீதிப் பக்கம், அதாவது இதே உருமாற்றத்தை முதன்மை எண்ணின் மீதிகளில் செய்யும் என்.டி.டி பக்கம். சிக்கலெண்ணில் நமக்கு உண்மையில் வேண்டியது, n தடவை பெருக்கினால் 1 க்குத் திரும்பும் ஓர் எண் மட்டுமே. அது மீதிகளிலும் கிடைக்கிறது. 17 ஐ எடுங்கள்: 4² = 16, அதாவது −1. ஆக 4 இன் அடுக்குகள் 1, 4, 16, 13, பிறகு மறுபடி 1.

(1+2x)(3+4x) ஐ இந்த நான்கு புள்ளிகளில் மதிப்பிடுவோம். முதலாவது 3, 9, 16, 10 தரும். இரண்டாவது 7, 2, 16, 4. புள்ளிக்குப் புள்ளி பெருக்கினால் 4, 1, 1, 6. இனித் திரும்பி வரலாம். நான்கையும் கூட்டினால் 12, அதை 4 ஆல் வகுத்தால் 3, மாறிலி உறுப்பு அதுதான். x இன் குணகத்துக்கு, புள்ளிகளின் நேர்மாறுகளான 1, 13, 16, 4 ஆல் முறையே பெருக்கிக் கூட்டினால் 4·1 + 1·13 + 1·16 + 6·4 = 57, மீதி 6. 4·13 = 52, மீதி 1 என்பதால் 4 ஆல் வகுப்பதும் 13 ஆல் பெருக்குவதும் இங்கே ஒன்றுதான்: 6·13 = 78, மீதி 10. அப்படியே போனால் 3 + 10x + 8x². எந்த இடத்திலும் பின்னம் இல்லை, எதையும் கிட்டத்தட்ட என்று எழுதவும் இல்லை.

998244353 இதற்கென்றே வாய்த்த எண். அது 119·2^23 + 1, அதனால் 2^23 நீளம்வரை இதே வேலை ஓடும். பூச்சியமல்லாத எல்லா மீதிகளையும் தன் அடுக்குகளாகத் தரும் எண், அதாவது முதல்மூலம், 3. வேகத்தைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் ஓட்டிப் பார்த்தது அந்த ஒரு மடிக்கணினியில்தான்.

இதன் எல்லை வேறு. கணக்கு மீதியைக் கேட்காமல் முழு விடையையே கேட்டால், குணகம் 998244353 ஐத் தாண்டிய கணமே உண்மை மதிப்பு கையில் இல்லை. அப்போது 469762049 ஐயும் வைத்து இரண்டாம் தடவை ஓட்டி, இரண்டு மீதிகளையும் இணைக்க வேண்டும். சேர்ந்து 4.6×10^17 வரை தாங்கும். குணகங்கள் 1000 க்குள் என்றால் இந்தச் சிரமத்துக்குப் போக மாட்டேன், சிக்கலெண்ணே நல்லது.

எதை எடுத்தாலும் விடையை x = 2 இல் சோதியுங்கள்:

```
const long long P = 998244353;
long long at2(const vector<long long>& v) {
    long long r = 0;
    for (int i = (int)v.size() - 1; i >= 0; i--)
        r = (r * 2 + v[i]) % P;
    return r;
}
// a, b பெருக்கும் பல்லுறுப்பிகள், c விடை: at2(a) * at2(b) % P == at2(c)
```

x = 1 போதாதா என்று மருமகன் கேட்டான். போதாது. விடைக்கு 1,99,999 குணகங்கள் இருக்கும்போது நீளத்தை 131072 என்று குறைத்து வைத்தால், மேல் உறுப்புகள் சுற்றி வந்து கீழே உள்ளவற்றோடு கலந்துவிடும், ஆனால் கூட்டுத்தொகை மாறாது. x = 1 அதைப் பிடிக்காது, x = 2 பிடிக்கும். அவனுடைய முதல் நிரலில் அந்தப் பிழையும் இருந்தது.