ஆரி பிளவுஸ் ஆர்டர்: ஆறு வருட அட்வான்ஸ் அனுபவம்

மடிப்பாக்கத்தில் வீட்டு மாடியில் இரண்டு ஆரி ஸ்டாண்டு போட்டு, கல்யாண பிளவுஸ் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். இந்த ஆறு வருடத்தில் டிசைனைவிட அதிகமாக மாற்றியது அட்வான்ஸ் வாங்கும் முறையைத்தான்.

ஆரம்பத்தில் எந்த பிளவுஸாக இருந்தாலும் அட்வான்ஸ் 2,000 ரூபாய்தான். ஒரு கல்யாண ஆர்டர், மொத்தம் 9,000 ரூபாய் பேசியிருந்தோம். கல், சர்தோசி, ஜரி நூல் எல்லாம் பாரிமுனையில் வாங்கியதில் 1,500 ஆனது. வேலை ஆறு நாள், கைவேலை செய்பவருக்கு நாளுக்கு 800. நான்காம் நாள் மாலை போன் வந்தது: "அக்கா, மாப்பிள்ளை வீட்டில் வேறு புடவை எடுத்துவிட்டார்கள், இது வேண்டாம்." அதற்குள் 4,700 ரூபாய் செலவாகியிருந்தது. கையில் இருந்தது 2,000. அவர்கள் புடவையிலிருந்து வெட்டிய துணி என்பதால் வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. ரெடிமேட் கடைக்காரருக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

அன்றுதான் கணக்குப் போட்டேன். ஆர்டர் நடுவில் நின்றுபோனால் அதுவரை ஆன செலவு கைக்கு வந்திருக்க வேண்டும். இப்போது துணி கொடுக்கும்போது 50 சதவீதம், பின்கழுத்து வேலை முடிந்து போட்டோ அனுப்பியதும் 30, டெலிவரியின்போது மீதி 20. அதே 9,000 ஆர்டரில் முதலிலேயே 4,500 வந்திருக்கும், நஷ்டம் 200 ரூபாயோடு போயிருக்கும். டிசைனைத் துணியில் ட்ரேஸ் செய்யும்வரை வேண்டாம் என்றால் பொருள் செலவு போக மீதியைத் திருப்பித் தருவேன். ட்ரேஸ் போட்டபின் தருவதில்லை. இதைத் துணி வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகுதான் ஸ்டாண்டில் ஏற்றுகிறேன்.

அடுத்த தலைவலி தேதி. ஆறு நாள் வேலை என்றால் ஆறு நாளில் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். முன்னால் எத்தனை பிளவுஸ் வரிசையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாதே. நானும் "அடுத்த வாரம் தந்துடறேன்" என்று வாய் கூசாமல் சொன்ன காலம் உண்டு. இப்போது துணி, அளவு பிளவுஸ், அட்வான்ஸ் மூன்றும் கைக்கு வந்த நாளிலிருந்துதான் நாள் எண்ணுவேன். சாதாரண மாதத்தில் 25 நாள். ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு 45 நாள், அதனால் ஆவணிக் கல்யாணத்துக்கு ஆனியிலேயே துணி வந்துவிட வேண்டும். இன்னொன்று, நான் சொல்லும் தேதி கல்யாணத் தேதி இல்லை, போட்டுப் பார்க்கும் தேதி. அது கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் இருக்கும்.

அந்தப் பத்து நாளின் அருமையை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் காட்டியது. தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை, வேலைக்கு யாரும் வர முடியவில்லை. ஐந்து நாள் ஊசி ஓடவில்லை. ஆனாலும் அந்த மாத ஆர்டர் மூன்றும் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. ட்ரயலுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் கொஞ்சம் சுருங்கியது.

முன்கூட்டியே சொல்லாவிட்டால் சண்டையில் முடிவது அளவு. உடம்புப் பக்கம் இரண்டிலும் ஒன்றரை அங்குலம் துணி விட்டுத்தான் மார்க் செய்கிறேன், இளைத்தாலும் பருத்தாலும் தைக்கும்போது சரிசெய்யலாம். கழுத்து இறக்கமும் கை நீளமும் அப்படியல்ல. வேலைப்பாடே அந்த ஓரத்தில்தான் ஓடுகிறது, பிறகு அரை அங்குலம்கூட நகர்த்த முடியாது. ஒரு பெண் ட்ரயலில் "கை இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா நல்லாருக்கும்" என்றாள். கை ஓரத்தில் குந்தன் வரிசை முடிந்திருந்தது. நீட்டினால் வேலைக்குக் கீழே வெறும் துணி தொங்கும். அவள் அம்மா முகம் மாறிவிட்டது. இப்போது ட்ரேஸ் போடும் முன் கழுத்து, கை அளவை டேப்போடு போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டுவிடுகிறேன்.

கலர் விஷயத்தில் இன்னும் முழு வெற்றி இல்லை. இன்ஸ்டாவில் பார்த்த "ஆன்டிக் கோல்டு" நேரில் மங்கலாகத் தெரிகிறது என்பார்கள். அதே துணியின் துண்டில் இரண்டு அங்குலம் போட்டுக் காட்டுகிறேன், வாசலில் வெயிலில் ஒரு முறை, டியூப்லைட்டில் ஒரு முறை. இதில் அரை நாள் போகிறது, காசு கேட்க மனம் வரவில்லை.

இந்த விதிகளால் ஆர்டர் குறைந்ததா? முதல் வருடம் கொஞ்சம் குறைந்தது. 50 சதவீதம் என்றதும் "யோசிச்சு சொல்றோம்" என்று போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. அவர்களில் சிலர் கடைசி வாரத்தில், வேறு இடத்தில் கொடுத்த துணி வரவில்லை என்று ஓடி வந்தார்கள். எடுக்கவில்லை, வரிசை நிறைந்திருந்தது.

சொந்தக்காரர்களிடம்தான் இந்த விதி எதுவும் செல்லவில்லை. போன மாதம் பெரியம்மா பேத்திக்கு இரண்டு துணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உன்கிட்ட என்னடி அட்வான்ஸ்" என்று சிரித்தார். ஒன்று ஸ்டாண்டில் ஏறிவிட்டது.