பெயர் மாற்றிக் கூப்பிட்டால்: விட்டுவிடுவதா, திருத்துவதா, பேச்சோடு சேர்த்துச் சொல்வதா?

"வாங்க சுகந்தி, பார்த்து எத்தனை நாளாச்சு!" என்று ஒருவர் முகம் மலர்ந்து கேட்கிறார். என் பெயர் சுமதி. அவர் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருக்கிறது. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அதற்காக சுகந்தியாகவே நின்று பதில் சொல்லவும் முடியவில்லை. முடிவெடுக்கக் கிடைப்பது ஒரு மூச்சு நேரம்தான்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது மூன்றில் ஒன்று. காதில் விழாததுபோல் விட்டுவிடுவார்கள், அல்லது "நான் சுமதி" என்று நேராகச் சொல்லிவிடுவார்கள், அல்லது வேறு எதையோ பேசும் சாக்கில் தங்கள் பெயரை நடுவில் சொல்லிவிடுவார்கள். மூன்றையும் நான் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். எது நல்லது என்பது, எதிரில் நிற்பவர் எந்த வகையில் தவறினார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. அதனால் முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஒன்று, வாய் தவறுவது. நம்மை நன்றாகத் தெரிந்தவர், வேறொரு பெயர் நாக்கில் வந்துவிட்டது. அம்மா பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிடுவது இந்த வகை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1,700க்கும் மேற்பட்டவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டது. குடும்பத்தாரைக் குடும்பத்தில் இன்னொருவர் பெயராலும், நண்பரை இன்னொரு நண்பர் பெயராலும் அழைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது என்று அதில் தெரிந்தது. பெயர்களின் ஒலி ஒத்திருந்தால் தவறு இன்னும் எளிதாக நேர்கிறது. முக ஒற்றுமைக்கு இதில் பெரிய பங்கில்லை. அதாவது, நமக்கு நெருக்கமானவர் பெயர் மாற்றிக் கூப்பிட்டால், அவர் மனதில் நாம் அவருடைய வேண்டியவர்கள் கூட்டத்தில்தான் இருக்கிறோம். இங்கே எதுவும் செய்யத் தேவையில்லை. அரை நொடி பொறுத்தால் "சுகந்தி... ச்சே, சுமதி" என்று அவரே திருத்திக்கொள்வார். திருத்தாவிட்டாலும் குடி முழுகிப்போகாது.

இரண்டாவது, பெயரைத் தவறாகப் பதிந்துவைத்திருப்பது. ஆள் நாம்தான் என்று தெரியும், நம்மோடு பேசியதெல்லாம் நினைவிருக்கும், பெயர் மட்டும் தப்பு. மூன்றாவது, ஆளையே மாற்றி நினைத்திருப்பது. வணக்கத்தை அடுத்து வரும் கேள்வியை வைத்து இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். "போன வாரம் கொடுத்த புத்தகத்தைப் படிச்சிட்டீங்களா?" என்று கேட்டு, அந்தப் புத்தகத்தை வாங்கியது நான்தான் என்றால், தவறு பெயரில் மட்டும். "அண்ணனுக்கு ஆபரேஷன் முடிஞ்சுதா?" என்று கேட்டு, எனக்கு அண்ணனே இல்லை என்றால், அவர் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். இந்த மூன்றாவது வகையில் நயம் பார்த்துக்கொண்டு நிற்கவே கூடாது. ஒவ்வொரு நொடியும் இன்னொருவர் வீட்டு விஷயம் நம் காதில் விழுந்துகொண்டிருக்கும். பிறகு தெரியவரும்போது கேட்டவருக்கு வருவது வெட்கம் மட்டுமில்லை, "இதையெல்லாம் வெளியில் சொல்லிவிட்டோமே" என்ற பதற்றமும் சேர்ந்துகொள்ளும். உடனே, மெல்லிய குரலில், "நீங்க என்னை வேற யாரோன்னு நினைச்சிட்டீங்கன்னு நினைக்கிறேன், நான் சுமதி" என்று நிறுத்திவிட வேண்டும்.

உண்மையில் நாம் தடுமாறுவது இரண்டாவது வகையில்தான். மீதி எல்லாம் அதைப் பற்றியே.

விட்டுவிடுவதிலிருந்து தொடங்குகிறேன். அது பெருந்தன்மைபோலத் தோன்றும். பயணத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஒரு விழாவில் ஐந்து நிமிடம் பேசியவர் என்று, இனிப் பார்க்கப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தவரிடம் அது சரியும்கூட. ஆனால் மறுபடி பார்க்கப்போகிறவரிடம் அது கடனை அடைக்காமல் வட்டி ஏறவிட்டதுபோல ஆகிவிடும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு மூத்தவர் என்னை எட்டு மாதம் சுகந்தி என்றே கூப்பிட்டார். முதல் நாள் அவர் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார், நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பத்தாவது நாள் சொல்லலாம் என்று நினைத்தபோது, "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி வருமே என்று தயங்கினேன். கடைசியில் ஒரு கூட்டத்தில், பத்துப் பேர் நடுவில் அவர் என்னைப் பாராட்டிப் பேசியபோது, பக்கத்திலிருந்தவர் "சார், அவங்க சுமதி" என்றார். அவர் முகம் சிவந்துபோனது. பாராட்டு அங்கேயே நின்றுபோனது. பிறகு தனியாக வந்து அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏம்மா நீ சொல்லல?" பெயர் மாறியதற்காக அவர் அவ்வளவு வருந்தவில்லை. எட்டு மாதம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்பதுதான் அவரைச் சுட்டது. அந்த எட்டு மாதத்தை அவருக்குக் கொடுத்தது என் மௌனம்.

அடுத்தது நேராகத் திருத்துவது. இதைப் பலர் முரட்டு வழி என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முரட்டுத்தனம் வருவது வரிசையிலும் சொல்லிலும்தான். "நான் சுகந்தி இல்லை" என்று தொடங்கினால், அவர் சொன்ன தவறான பெயரை நாமே ஒருமுறை திருப்பிச் சொல்லி அடிக்கோடு போடுகிறோம். அவர் கேட்ட நலம் விசாரிப்புக்கும் பதில் இல்லாமல் போகிறது. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"வாங்க சுகந்தி, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார். நான் சுமதி. போன மாசம் நீங்க சொன்ன அந்த வேலை முடிஞ்சிடுச்சு, அதைச் சொல்லத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்."

முதலில் வணக்கத்துக்குப் பதில். அடுத்து, "இல்லை" என்ற சொல்லே வராமல் இரண்டே சொல்லில் பெயர். அப்புறம், நிறுத்தாமல், இருவருக்கும் தெரிந்த ஒரு விஷயம். இந்தக் கடைசிப் பகுதியைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். பெயரைச் சொல்லிவிட்டு நாம் நிறுத்தினால் அந்த வெற்றிடத்தை அவர் மன்னிப்பால் நிரப்பியாக வேண்டும். "ஐயோ சாரி", "அடடா, என்ன மறதி எனக்கு" என்று அது நீளும். நாமும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்போம். இப்படி நான்கு முறை போய் வந்தால் சின்னத் தவறு பெரிய சம்பவமாகிவிடும். பழைய பேச்சை எடுத்துக் கொடுத்தால், "உங்களுக்கு என்னை நன்றாகத் தெரியும், பெயர் மட்டும்தான் மாறியது" என்று அவருக்கே அவர் நினைவாற்றலை மீட்டுக் கொடுத்ததுபோல ஆகிறது. ஒரு "சாரி" சொல்லிவிட்டு அவர் அந்த வேலையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்.

இன்னொன்று, உடனே பாயாமல் அந்த அரை நொடியை இங்கேயும் கொடுக்க வேண்டும். உரையாடலை ஒலிப்பதிவு செய்து நுணுகி ஆராய்ந்த ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் ஆகிய மூவரும் 1977இல் எழுதிய கட்டுரையில் இதைக் காட்டினார்கள்: பேசுகிறவர் தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளத்தான் பேச்சு முதலில் இடம் விடுகிறது, கேட்பவர் திருத்துவது பெரும்பாலும் சற்றுத் தாமதித்தே வருகிறது. அந்தத் தாமதம்தான் மரியாதை.

மூன்றாவது வழி, பேச்சோடு சேர்த்துச் சொல்வது. மேலே சொன்ன கெயில் ஜெஃபர்சனே பின்னாளில் திருத்தங்களை இரண்டாகப் பிரித்தார். பேச்சை நிறுத்தித் திருத்துவது ஒன்று, பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே சரியான சொல்லை உள்ளே பொதிந்து வைப்பது இன்னொன்று. பெயரில் இதைச் செய்வது கொஞ்சம் கடினம், ஏனென்றால் யாரும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு பேசுவதில்லை. இன்னொருவர் சொன்னதாகச் சொன்னால் தடை நீங்கிவிடும்: "வீட்டில்கூட 'சுமதி, உனக்கு நேரம்னா என்னன்னே தெரியாதா'ன்னு திட்டுறாங்க." போனில் இன்னும் எளிது, "சுமதி பேசுறேன்" என்று தொடங்கினால் போதும். குறுஞ்செய்தியில் கடைசியில் பெயரை எழுதி முடிக்கலாம்.

இதன் நயம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இதை மட்டும் நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். இரைச்சலான இடத்தில் அது காதில் ஏறாது. நம்மைச் சுகந்தி என்று உறுதியாக நம்புகிறவர், கதையில் வந்த சுமதி வேறு யாரோ என்று எடுத்துக்கொள்வார். ஏறியதா என்பதை முகத்தில் தேடலாம், கண் ஒரு கணம் நின்று மீளும். அதைவிட நம்பகமான இடம் விடைபெறும் நேரம். "சரி சுமதி, பார்ப்போம்" என்றால் வேலை முடிந்தது. பெயரே சொல்லாமல் "சரிம்மா, பார்ப்போம்" என்றால் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அடுத்த முறை நேராகச் சொன்னால் நிம்மதியடைவார். மறுபடி "சுகந்தி" என்றால் இனிமேல் பொதிந்து சொல்லிப் பயனில்லை, நேர்வழிக்குப் போய்விடுங்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்த மூன்றாவது வழி எல்லாவற்றையும் விஞ்சும்: பக்கத்தில் புதியவர் ஒருவர் நிற்கும்போது. "இவங்க சுகந்தி" என்று அவர் நம்மை அறிமுகப்படுத்திவிட்டால், அவரைத் திருத்தாமல் புதியவர் பக்கம் திரும்பி, "வணக்கம், நான் சுமதி" என்று சொல்லிவிடலாம். அறிமுகத்தில் பெயர் சொல்வது இயல்புதானே. புதியவருக்கு முதல் நாளே சரியான பெயர் போய்ச் சேர்கிறது, பழையவரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறார், யாரும் யாரையும் திருத்தவில்லை. இருவருக்கும் கேட்கிற குரலில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, மறுபடி பார்க்கப்போகிறவர் என்றால் நான் முதல் நாளே நேராகச் சொல்லிவிடுகிறேன், மூன்றாம் ஆள் இருந்தால் அவர் வழியாக. ஏற்கெனவே பல மாதம் விட்டுவிட்டவர்கள், கூட்டத்தில் வேறு யாராவது போட்டு உடைக்கும் வரை காத்திருக்காமல், அவரைத் தனியாகப் பார்க்கும்போது பழியைத் தம் பக்கம் எடுத்துக்கொண்டு சொல்லிவிடலாம்: "சார், ஒண்ணு சொல்லணும், முதல் நாளே சொல்லியிருக்கணும், என் தப்பு. என் பேர் சுமதி." எட்டாவது மாதத்திலாவது நான் இதைச் சொல்லியிருந்தால், அந்தக் கூட்டத்தில் அவர் தொடங்கிய வாக்கியத்தை முடித்திருப்பார்.